கண்பாவை விரிகிறது, இதயம் விரைகிறது: அட்ரோபின் தடுப்பது எதை?

ஊமத்தங்காயைத் தின்ற சிறுவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. அகன்ற கண்பாவை, படபடக்கும் இதயம், வறண்ட வாய், உளறல் ஆகியவை அச்செய்திகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் அறிகுறிகள். பூச்சிக்கொல்லி உடலில் சேர்ந்து உயிருக்குப் போராடியவரை அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள் என்ற செய்தியும் அதே நாளிதழ்களில் வருகிறது. ஊமத்தையில் நஞ்சாக இருப்பதும் ஊசிக் குப்பியில் மருந்தாக இருப்பதும் ஏறத்தாழ ஒரே மூலக்கூறுதான் என்று அறியும்போது, அது எப்படி இரண்டுமாக இருக்க முடியும் என்ற கேள்வி எழுவது இயல்பு.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். அட்ரோபின் இதயத்தை முடுக்குவதில்லை. கண்பாவையை இழுத்து விரிப்பதும் இல்லை. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கொண்டுவரும் செய்தியைச் சில உறுப்புகள் பெறமுடியாதபடி தடுப்பது மட்டுமே அதன் வேலை. நம் கண்ணுக்குத் தெரியும் விளைவு, அச்செய்தி வராதபோது அந்த உறுப்பு தானாக எப்படி நடந்துகொள்ளுமோ அதுதான். இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால், நஞ்சின் அறிகுறிகளும் மருந்தின் பயனும் அதன் எல்லைகளும் ஒரே கணக்கில் விளங்கும்.

## செடியும் மூலக்கூறும்

ஐரோப்பாவின் பெல்லடோனா, நம் ஊர்த் தரிசு நிலங்களில் வளரும் ஊமத்தை, சித்த மருத்துவத்தில் குரோசாணி ஓமம் எனப்படும் செடி ஆகிய மூன்றும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை உண்டாக்கும் முக்கிய நச்சுப்பொருள் ஹயோசயமின். செடியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும்போது அதில் ஒரு பகுதி தன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இரு வடிவங்களும் சரிபாதியாகக் கலந்த கலவையே அட்ரோபின். ஜெர்மானிய மருந்தாளுநர் மைன் 1831இல் பெல்லடோனா வேரிலிருந்து இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். ஏற்பிகளில் ஏறத்தாழ முழு வேலையையும் செய்வது செடியில் இயற்கையாக உள்ள வடிவம்தான். மறுபாதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஊமத்தையில் இதனுடன் ஸ்கோபோலமின் என்ற நெருங்கிய உறவுப் பொருளும் உண்டு. அது மூளைக்குள் எளிதாக நுழைவதால் ஊமத்தை நஞ்சில் உளறலும் பிதற்றலும் மிகுதியாகத் தெரிகின்றன.

கத்தரிக் குடும்பம் என்றதும் கத்தரிக்காயையும் தக்காளியையும் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பெல்லடோனாவின் கறுத்த பழத்தோடு மணத்தக்காளிப் பழத்தைக் குழப்பிக்கொள்ளும் எச்சரிக்கைப் பதிவுகள் பல உலவுகின்றன. மணத்தக்காளி வேறு இனம். அதில் அட்ரோபின் இல்லை. அதன் பச்சைக் காயில் உள்ள சொலனின் தனிக் கதை.

## அசிட்டைல்கோலினும் அதன் இருவகை ஏற்பிகளும்

நரம்பின் முனை தான் சேரும் உறுப்பைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. நரம்பில் மின்துடிப்பு வந்ததும் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்பட்டு, அந்த இடைவெளியைக் கடந்து, எதிர்ப்புறச் செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற புரதத்தில் பொருந்துகிறது. பொருந்திய சற்று நேரத்திலேயே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். செய்தி குறுகியதாகவும் தெளிவாகவும் இருப்பதற்கு இந்தச் சிதைவே காரணம்.

இந்த ஏற்பிகள் இருவகைப்படும் என்பதை 1914இல் ஆங்கிலேய உடலியலாளர் ஹென்றி டேல் பிரித்துக் காட்டினார்.

1. நிக்கோட்டின் வகை ஏற்பி: கை கால்களை அசைக்கும் தசைகளிலும், மூச்சுவிட உதவும் தசைகளிலும், நரம்பு முடிச்சுகளிலும் உள்ளது. அசிட்டைல்கோலின் பொருந்தியதும் அயனிகள் செல்லும் வழி நேரடியாகத் திறக்கிறது.
2. மஸ்கரின் வகை ஏற்பி: இதயம், ஐரிஸ், உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, குடல், சிறுநீர்ப்பை, மூளை ஆகியவற்றில் உள்ளது. இது செல்லுக்குள் இருக்கும் ஜி புரதம் என்ற இடையாள் வழியாகவே வேலை செய்கிறது. இதில் ஐந்து உட்பிரிவுகள் உள்ளன. இதயத்துக்கு எம்2, கண்ணுக்கும் சுரப்பிகளுக்கும் எம்3 என்ற இரண்டு மட்டும் இங்கே நமக்குப் போதும்.

மருத்துவத்தில் பயன்படும் அளவுகளில் அட்ரோபின் இரண்டாவது வகையை மட்டுமே தடுக்கிறது. ஊமத்தை உண்டு புத்தி தடுமாறியவர் எழுந்து ஓடவும் திமிறவும் முடிகிறது என்பதற்குக் காரணம் இதுவே. கை கால் தசைகளின் ஏற்பிகள் நிக்கோட்டின் வகை. அட்ரோபின் அவற்றைத் தொடுவதில்லை.

## தடுத்தல் என்றால் என்ன?

அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன் இருக்கிறது. மஸ்கரின் ஏற்பியின் குழிக்குள் எதிர்மின்னூட்டம் கொண்ட ஆஸ்பார்டிக் அமிலப் பகுதி ஒன்று இருக்கிறது. இவ்விரண்டின் ஈர்ப்பே அசிட்டைல்கோலினை அக்குழியில் நிறுத்துகிறது. அது சிறிய மூலக்கூறு. அது உள்ளே வந்ததும் ஏற்பி அதைச் சுற்றி இறுகி வடிவம் மாறுகிறது, அந்த மாற்றம் உட்புறத்தில் ஜி புரதத்தை இயக்குகிறது. அட்ரோபினின் நைட்ரஜனும் உடலின் அமிலக்காரச் சூழலில் நேர்மின்னூட்டம் பெற்றதுதான். எனவே அதே குழியில் அதே பிடிப்போடு அமர்கிறது. ஆனால் அதன் மறுமுனையில் ஒரு பருத்த பென்சீன் வளையம் உள்ளது. அது உள்ளே இருக்கும்வரை ஏற்பியால் இறுக முடிவதில்லை. குழி நிரம்பியிருக்கிறது, ஆனால் உள்ளே செய்தி எதுவும் செல்வதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பிணைப்பு நிலையானதன்று என்பது. அட்ரோபின் அமர்கிறது, விலகுகிறது, மீண்டும் அமர்கிறது. காலியாகும் ஒவ்வொரு குழிக்கும் அதுவும் அசிட்டைல்கோலினும் நாற்காலிப் போட்டியில் ஓடுவதுபோல் போட்டியிடுகின்றன. எது எண்ணிக்கையில் மிகுதியோ, எது இறுகப் பற்றுகிறதோ அதற்கே இடம் கிடைக்கும். ஆகவே அட்ரோபினின் தடையை அசிட்டைல்கோலினின் அளவைக் கூட்டி வெல்ல முடியும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை எளிய சமன்பாடு சொல்கிறது:

தேவைப்படும் மடங்கு = 1 + (அட்ரோபின் செறிவு ÷ K)

K என்பது அசிட்டைல்கோலின் இல்லாதபோது ஏற்பிகளில் பாதியை நிரப்பத் தேவைப்படும் அட்ரோபின் செறிவு. மஸ்கரின் ஏற்பிகளுக்கு அது சுமார் 1 நானோமோலார் மட்டுமே. அதாவது ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமின் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அட்ரோபின் 9 நானோமோலார் இருக்கும் இடத்தில், பழைய விளைவை மீண்டும் பெற அசிட்டைல்கோலின் பத்து மடங்கு வேண்டும். 99 நானோமோலார் என்றால் நூறு மடங்கு. இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் படிக்கலாம்: எங்காவது அசிட்டைல்கோலின் வழக்கத்தைவிடப் பன்மடங்கு தேங்கிவிட்டால், அதை அடக்க அட்ரோபினும் பன்மடங்கு தேவைப்படும். பூச்சிக்கொல்லி நஞ்சில் நடப்பது இதுதான். கட்டுரையின் கடைசிப் பகுதியில் அதைப் பார்ப்போம்.

## கண்: எதிர்ப்பின்றி வெல்லும் தசை

ஐரிஸில் இரு தசைகள் உள்ளன. கண்பாவையின் விளிம்பைச் சுற்றி வளையமாக அமைந்த வட்டத்தசை, எதிர்ப்பரிவு நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினால் சுருங்கி, கண்பாவையைக் குறுக்குகிறது. சக்கரத்தின் ஆரக்கால்களாக வெளிப்புறம் நோக்கிச் செல்லும் ஆரத்தசை, பரிவு நரம்பு அனுப்பும் நார்அட்ரினலினால் சுருங்கி, கண்பாவையை விரிக்கிறது. வெளிச்சம் உள்ள இடத்தில் வட்டத்தசையின் கை ஓங்கியிருக்கும். அட்ரோபின் வட்டத்தசையின் எம்3 ஏற்பிகளை அடைத்ததும் அத்தசைக்கு நரம்பின் கட்டளை கிடைப்பதில்லை, அது தளர்கிறது. ஆரத்தசை முன்பிருந்த அதே வலுவில்தான் இழுக்கிறது, ஆனால் இப்போது எதிர்த்து இழுக்க யாருமில்லை. வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டிய கண்பாவை 8 மில்லிமீட்டர் வரை விரிந்து, டார்ச் விளக்கைக் காட்டினாலும் அசையாமல் நிற்கிறது.

லென்ஸின் வளைவை மாற்றும் சிலியரி தசையும் எம்3 ஏற்பிகளை நம்பியிருப்பதால், கிட்டத்துப் பார்வையும் போய்விடுகிறது. 1 சதவீத அட்ரோபின் சொட்டு விட்டவர் புத்தகம் படிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். இதன் விளைவு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். நம் நாட்டவரின் கரும்பழுப்பு ஐரிஸில் உள்ள மெலனின் நிறமி அட்ரோபினைப் பற்றி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவிக்கிறது. ஆகவே வெளிர்நிறக் கண்களைவிட இங்கே விளைவு தாமதமாகத் தொடங்கி, நீண்ட நாள் நிற்கிறது. குழந்தைகளின் கிட்டப்பார்வை மோசமாவதைத் தாமதப்படுத்த இப்போது எழுதித்தரப்படும் 0.01 சதவீதம், 0.05 சதவீதச் சொட்டுகள் இதைவிட மிக மிக நீர்த்தவை. இரண்டு குப்பிகளும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர், ஆகவே அதில் 0.5 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஊசியில் செலுத்தும் 0.6 மில்லிகிராம் குப்பிக்கு இது ஏறத்தாழச் சமம். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்கில் இறங்கி இரத்தத்தில் கலந்தால் சிறு குழந்தையின் முகம் சிவந்து, உடல் சூடேறி, இதயம் படபடக்கக்கூடும். சொட்டு விட்டதும் மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

### ஒரு கண்ணில் மட்டும் விரிந்தால்

வேலியோரத்து ஊமத்தையை வெட்டி அப்புறப்படுத்திய ஒருவர், சாறு பட்ட விரலால் வலது கண்ணைக் கசக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரத்தில் வலது கண்பாவை மட்டும் பெரிதாக விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கிறது. அவசரப் பிரிவு மருத்துவருக்கு இது கவலை தரும் காட்சி; மூளைக்குள் இரத்தக்குழாய் வீங்கியோ, அழுத்தம் கூடியோ மூன்றாவது கபால நரம்பு நசுங்கினாலும் ஒரு பக்கக் கண்பாவை இப்படித்தான் விரியும். இரண்டையும் பிரித்தறிய உதவுபவை:

1. நரம்பு நசுங்கியிருந்தால் மேலிமை தொங்குவதும் கண் வெளிப்பக்கம் விலகுவதும் பெரும்பாலும் சேர்ந்து காணப்படும், ஏனெனில் அதே நரம்புதான் அந்தத் தசைகளையும் இயக்குகிறது. அட்ரோபின் பட்ட கண்ணில் இமையும் கண்ணசைவும் இயல்பாக இருக்கும். அத்தசைகள் நிக்கோட்டின் வகை ஏற்பிகளைக் கொண்டவை.
2. 1 சதவீதப் பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்க்கலாம். பைலோகார்பின் நரம்பை நம்பாமல் மஸ்கரின் ஏற்பியைத் தானே இயக்கக்கூடியது. நரம்பு நசுங்கிய கண்ணில் தசையின் ஏற்பிகள் காலியாக இருப்பதால் கண்பாவை நன்றாகச் சுருங்கும். அட்ரோபின் பட்ட கண்ணில் ஏற்பிகள் ஏற்கெனவே அடைபட்டிருப்பதால் பைலோகார்பினுக்கு இடமில்லை, கண்பாவை சுருங்காது.

இரண்டாவது சோதனை மிக அழகானது. கோளாறு நரம்பிலா ஏற்பியிலா என்பதை ஒரே சொட்டில் அது பிரித்துக் காட்டுகிறது. ஆயினும் அட்ரோபினின் பிடி தளரத் தொடங்கிய கண்ணில் ஓரளவு சுருக்கம் தெரியலாம். தலைவலி, வாந்தி, மயக்கம் போன்றவை உடனிருந்தால் இச்சோதனையை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

## இதயம்: தன் இயல்பு வேகத்துக்குத் திரும்புதல்

ஆரோக்கியமான ஒருவர் ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. இது இதயத்தின் சொந்த வேகமன்று. வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு, எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விடப்பட்டால் இதைவிட வேகமாகத் துடிப்புகளைப் பிறப்பிக்கும். வேகஸ் நரம்பு இடைவிடாமல் அசிட்டைல்கோலினை அனுப்பி அதைத் தணித்து வைத்திருக்கிறது.

தணிக்கும் முறை இரு படிகளில் நிகழ்கிறது. அசிட்டைல்கோலின் எம்2 ஏற்பியில் பொருந்தியதும் ஜி புரதத்தின் ஒரு பகுதி பிரிந்து சென்று, பொட்டாசியம் செல்லும் வழிகளைத் திறக்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியேற, கணுச் செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் நிலைக்குச் செல்கிறது. அடுத்த துடிப்புக்கான எல்லையை எட்ட அது நெடுந்தூரம் ஏற வேண்டியிருக்கிறது. ஜி புரதத்தின் மறுபகுதி செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பி என்ற மூலக்கூறின் உற்பத்தியைக் குறைக்கிறது. அதனால் அந்த ஏற்றமும் மெதுவாகிறது. அட்ரோபின் எம்2வை அடைத்ததும் இரண்டும் நின்றுவிடுகின்றன.

சொந்த வேகம் எவ்வளவு என்பதை அட்ரோபினையும், பரிவு நரம்பின் தூண்டலைத் தடுக்கும் புரோபிரனலாலையும் ஒன்றாகச் செலுத்தி அளந்திருக்கிறார்கள். அவ்வாறு கிடைத்த வாய்பாடு: 118.1 − (0.57 × வயது). முப்பது வயதுக்காரருக்கு 118.1 − 17.1, அதாவது 101. அறுபது வயதுக்காரருக்கு 84. இளைஞருக்கு 2 மில்லிகிராம் அட்ரோபின் மட்டும் கொடுத்தால் துடிப்பு 35 முதல் 40 வரை கூடும். 70 என்பது 105 அல்லது 110 ஆகும். சொந்த வேகமான 101ஐ விட இது சற்று மிகுதி, ஏனெனில் புரோபிரனலால் இல்லாததால் பரிவு நரம்பின் தூண்டல் அப்படியே இருக்கிறது. முதியவர்களுக்கு வேகஸின் பிடி தளர்ந்திருப்பதால் அதே மருந்து அவர்களிடம் குறைந்த ஏற்றத்தையே தருகிறது. எடுத்து விலக்குவதற்குத் தடை குறைவாக இருக்கும் இடத்தில் விளைவும் குறைவு.

அட்ரோபின் இதயத்தை நேரடியாக முடுக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் கிடைக்கிறது. அறுவையில் வேகஸ் நரம்பு துண்டிக்கப்பட்டுவிடுவதால் அவர்களின் இதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கிறது. அவர்களுக்கு அட்ரோபின் கொடுத்தால் துடிப்பு கூடுவதில்லை. தடுக்கச் செய்தியே இல்லாத இடத்தில் தடுப்பானுக்கு வேலையில்லை. இதே தருக்கத்தை 1921இல் மருந்தியலாளர் ஆட்டோ லோவி தவளை இதயங்களில் தொடங்கிவைத்தார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டபோது அதுவும் மெதுவானது. அட்ரோபின் அந்தப் பொருளின் வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை, அதன் செயலை மட்டுமே தடுக்கிறது என்பது அவர் குழுவின் தொடர் சோதனைகளில் புலனானது. டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர்களுக்கு இன்றைய நெறிமுறைப்படி 1 மில்லிகிராம் சிரை வழியாகச் செலுத்தி, தேவைப்பட்டால் 3 முதல் 5 நிமிட இடைவெளியில் மொத்தம் 3 மில்லிகிராம் வரை தருகிறார்கள். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாகத் தந்தால் துடிப்பு சில வேளைகளில் மேலும் குறைவதுண்டு. நரம்பு முனையிலேயே உள்ள மஸ்கரின் ஏற்பிகள், அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறி வெளியேறாமல் கட்டுப்படுத்துபவை; சிறு அளவு அட்ரோபின் முதலில் அவற்றை அடைத்துவிடுவதால் வெளியேற்றம் கூடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று. இன்னோர் எல்லையும் உண்டு. கீழறைகளில் வேகஸ் நரம்பின் ஆட்சி மிகக் குறைவு; துடிப்பு செல்லும் பாதை கீழ்ப்பகுதியில் அறுபட்டு இதயம் மெதுவாகியிருந்தால் அட்ரோபின் பெரும்பாலும் உதவாது, பேஸ்மேக்கரே வேண்டும்.

## பூச்சிக்கொல்லி நஞ்சில் அதே மூலக்கூறு

ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. சிதைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் எல்லா இடைவெளிகளிலும் தேங்குகிறது. கண்பாவை ஊசிமுனையளவாகச் சுருங்குகிறது, இதயம் மெதுவாகிறது, வியர்வையும் உமிழ்நீரும் பெருகுகின்றன, நுரையீரலின் காற்றுக் குழாய்கள் சளியால் நிரம்புகின்றன. ஊமத்தை நஞ்சின் அறிகுறிகளை அப்படியே திருப்பிப் போட்ட படம் இது. உயிரைப் பறிப்பவற்றுள் முதன்மையானது நுரையீரலில் நிறையும் நீர்.

இலங்கையில் இந்நஞ்சு குறித்து நீண்டகாலம் நடந்த மருத்துவ ஆய்வுகளிலிருந்து உருவான நெறிமுறை, அட்ரோபினின் அளவை முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. முதலில் 1.8 முதல் 3 மில்லிகிராம் தந்து, 5 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால் முந்தைய அளவை இரட்டிக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இது எப்படிச் செல்லும் என்று பார்ப்போம்:

1. முதல் ஊசி: 0.6 மில்லிகிராம் குப்பி மூன்று, ஆக 1.8 மில்லிகிராம். நெஞ்சில் இன்னும் நீர்ச் சத்தம்.
2. ஐந்தாம் நிமிடம்: 3.6 மில்லிகிராம். துடிப்பு 60; சத்தம் குறையவில்லை.
3. பத்தாம் நிமிடம்: 7.2 மில்லிகிராம். துடிப்பு ஏறுகிறது; நெஞ்சில் ஓரளவே தெளிவு.
4. பதினைந்தாம் நிமிடம்: 14.4 மில்லிகிராம். நெஞ்சு தெளிகிறது, துடிப்பு 80ஐத் தாண்டுகிறது, அக்குள் உலர்கிறது.

மொத்தம் 27 மில்லிகிராம். மெதுவான இதயத்துக்குத் தரும் உச்ச அளவான 3 மில்லிகிராமைப்போல் இது ஒன்பது மடங்கு. நலமாக உள்ள ஒருவரை 10 மில்லிகிராமே பிதற்றலிலும் மயக்கத்திலும் தள்ளிவிடும். இந்த நோயாளிக்கோ 27 மில்லிகிராம்தான் இயல்பு நிலையை மீட்கிறது. முன்னே கண்ட சமன்பாடு இங்கே உயிரோடு நிற்கிறது: போட்டியாளரின் அளவு கூடிய இடத்தில் தடுப்பானும் அதற்கேற்பக் கூட வேண்டும். இதன்பின் மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை, அதாவது 2.7 முதல் 5.4 மில்லிகிராமை, ஒவ்வொரு மணி நேரமும் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள். வங்கதேசத்தில் நடந்து 2012இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான முறையில் 22.5 சதவீதமாக இருந்த இறப்பு, இப்படி இரட்டித்துச் செல்லும் முறையில் 8 சதவீதமாகக் குறைந்தது.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண்பாவையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கண்பாவை விரிவது தாமதமாகலாம். பூச்சிக்கொல்லி நேரடியாகக் கண்ணில் பட்டிருந்தால் அது சுருங்கியே கிடக்கலாம். நெஞ்சின் தெளிவே முதன்மை அடையாளம். வயிற்றில் குடலசைவுச் சத்தம் அடங்குவது, காய்ச்சல், பிதற்றல், சிறுநீர் அடைப்பு ஆகியவை சேர்ந்து தோன்றினால் அட்ரோபின் மிகுந்துவிட்டது என்று பொருள். சொட்டை நிறுத்தி, அறிகுறிகள் தணிந்தபின் குறைந்த வேகத்தில் மீண்டும் தொடங்குகிறார்கள்.

எதிர்த்திசையில், ஊமத்தை உண்டு கடுமையாகப் பிதற்றுபவருக்கு ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்தைத் தேர்ந்த கண்காணிப்பில் தருவதுண்டு. அதுவும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸைத் தற்காலிகமாக முடக்குவதே. மூளைக்குள்ளும் அசிட்டைல்கோலினைப் பெருக்கி, அட்ரோபினை அதன் குழியிலிருந்து தள்ளிவிடுகிறது.

பூச்சிக்கொல்லி நஞ்சில் அட்ரோபினால் எட்ட முடியாத பகுதி ஒன்று எஞ்சி நிற்கிறது. தேங்கிய அசிட்டைல்கோலின் நிக்கோட்டின் வகை ஏற்பிகளையும் ஓயாமல் தாக்குவதால் தசைகள் முதலில் துடித்து, பின்பு செயலிழக்கின்றன. நெஞ்சு தெளிந்து, துடிப்பு சீராகி, தேறிவிட்டார் என்று குடும்பத்தார் நம்பியிருக்கும் வேளையில், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் சோர்ந்துபோகலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று செவிலியர்கள் அடிக்கடி கேட்டுப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். அந்த நிலையில் அட்ரோபினைக் கூட்டுவதால் பயனில்லை. தசைகள் மீளும்வரை வென்டிலேட்டரே மூச்சுவிட்டுக் கொடுக்க வேண்டும்.